ஒரே சென்சார், இரண்டு பாதை: மோட்டார் அதிர்வை அளக்க எஸ்பிஐயா, ஐ2சியா?

பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டத்துக்காகவோ, உபி, காக்கி புக்கிட் பக்கம் உள்ள பட்டறைக் காற்றாடியைக் கண்காணிக்கவோ சிம் லிம் டவரில் அதிர்வை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்345 முடுக்கமானிப் பலகை ஒன்று வாங்குகிறீர்கள். எட்டுக் கால்கள் இருக்கின்றன. அதை எஸ்பிஐ முறையில் நான்கு கம்பிகளாலும் இணைக்கலாம், ஐ2சி முறையில் இரண்டே கம்பிகளாலும் இணைக்கலாம். மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் எப்படியும் தனி. "ரெண்டுல எது வேகம்?" என்று கேட்டால் எஸ்பிஐ என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது சரிதான். ஆனால் அந்த வேகம் உங்களுக்குத் தேவையா, அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். அதனால் இந்த ஒரு சென்சாரையும் ஒரு மோட்டாரையும் மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டுப்படுத்தி இஎஸ்பி32 என்று வைத்துக்கொள்வோம். சென்சாரைப் போலவே அதுவும் 3.3 வோல்ட்டில் இயங்குவதால் மின்னழுத்தத்தை மாற்றும் சிக்கல் இல்லை.

## முதலில் அளவுகோல்: எந்த அதிர்வெண் வரை பார்க்க வேண்டும்?

சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டார் ஒன்று சுமையோடு ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1450 சுற்று சுற்றும். அதாவது வினாடிக்கு 24.2 சுற்று. விசிறி இதழில் தூசி படிந்து எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அதிர்வு இந்த 24.2 ஹெர்ட்ஸிலேயே ஏறும். அச்சு நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 48 ஹெர்ட்ஸிலும் தெரியும்.

பேரிங் பழுது வேறு கதை. 6205 வகை பேரிங்கில் ஒன்பது குண்டுகள் இருக்கும். வெளி வளையத்தில் ஒரு கீறல் விழுந்தால், அச்சு ஒரு முறை சுற்றுவதற்குள் குண்டுகள் சுமார் 3.58 முறை அதன் மேல் ஏறி இறங்கும். நம் மோட்டாரில் அது ஏறக்குறைய 87 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் சின்ன சுத்தியல் அடி போன்றது என்பதால் 87 ஹெர்ட்ஸோடு நிற்காது. அதன் மடங்குகளான 173, 260, 347, 433 என்று வரிசையாக மேலே போகும். பழுது இளசாக இருக்கும்போது தாழ்ந்த மடங்குகள் மற்ற இரைச்சலில் புதைந்துவிடும். அப்போது தடயம் உயர்ந்த அதிர்வெண்களில்தான் கிடைக்கும்.

சென்சார் வினாடிக்கு எத்தனை அளவீடு தருகிறதோ, அதில் பாதி அதிர்வெண் வரைதான் பார்க்க முடியும். எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த ஒரு வரம்பே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஏடிஎக்ஸ்எல்345 தரவேட்டில் இருப்பது இதுதான்: 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் வினாடிக்கு அதிகபட்சம் 800 அளவீடு. 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 200. வினாடிக்கு 1600 அல்லது 3200 அளவீடு வேண்டுமானால் 2 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ ஓடும் எஸ்பிஐ வேண்டும். மீறினால் சில அளவீடுகள் தவறலாம், இரைச்சல் கூடலாம் என்றும் எச்சரிக்கிறது.

அதாவது ஐ2சியில் 400 ஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம், எஸ்பிஐயில் 1600 ஹெர்ட்ஸ் வரை. நம் பேரிங்கின் நான்காவது மடங்கு முதல் எல்லைக்குள் வருகிறது. ஐந்தாவது தப்பிவிடுகிறது. எஸ்பிஐயில் பதினெட்டாவது மடங்கு வரை கைக்குள் இருக்கிறது.

இதைத் தவிர மூன்றைப் பார்க்க வேண்டும்: கம்பியின் நீளம், எத்தனை சென்சார்கள், கோளாறு வந்தால் எப்படித் தெரியவரும் என்பது.

## ஐ2சி: இரண்டு கம்பி

இதில் கிளாக் ஒரு கம்பி, தரவு ஒரு கம்பி. ஒரே தரவுக் கம்பியில் இரு பக்கமும் மாறி மாறிப் பேச வேண்டும். யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சொல்லவும் அதே கம்பிதான். வேகம் குறைவதற்கு முதல் காரணம் இது.

மூன்று அச்சுகளின் அளவீடு ஆறு பைட். அதைப் படிக்க முதலில் முகவரி, பிறகு ரெஜிஸ்டர் எண், மீண்டும் முகவரி, அதன் பிறகு ஆறு பைட் தரவு. ஆக ஒன்பது பைட். ஒவ்வொரு பைட்டுக்குப் பின்னும் "கிடைத்தது" என்று சொல்ல ஒரு பிட் உண்டு, எனவே பைட்டுக்கு ஒன்பது பிட். மொத்தம் 81. தொடக்கம், மறுதொடக்கம், முடிவு ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 84 கிளாக். 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு கிளாக் 2.5 மைக்ரோவினாடி என்பதால் ஓர் அளவீட்டுக்கு 210 மைக்ரோவினாடி ஆகும்.

வினாடிக்கு 800 என்றால் பாதையில் 17 விழுக்காடுதான் நிரம்புகிறது, தாராளம். 3200 ஆக்கினால் 67 விழுக்காடு. "இன்னும் இடம் இருக்கிறதே" என்று தோன்றும். அது காகிதக் கணக்கு. நிரலின் இடைவெளிகள், அதே பாதையில் இருக்கும் திரை, ஒரே ஒரு மறுமுயற்சி என்று எது வந்தாலும் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

இரண்டாவது காரணம் மின்சுற்றிலேயே இருக்கிறது. ஐ2சியில் யாரும் கம்பியை மேலே தள்ளுவதில்லை, கீழே இழுக்க மட்டுமே முடியும். விட்டதும் புல்-அப் ரெசிஸ்டர்தான் அதை மெதுவாக மேலே ஏற்றுகிறது. கம்பி நீளமானால் அதன் மின்தேக்கம் கூடும், ஏற்றம் இன்னும் மந்தமாகும். ஏறும் நேரத்துக்கான கணக்கு:

```
t = 0.8473 × R × C
```

400 கிலோஹெர்ட்ஸில் இது 300 நானோவினாடிக்குள் இருக்க வேண்டும். மோட்டாரின் மேல் சென்சார், ஒரு மீட்டர் தள்ளிப் பெட்டிக்குள் இஎஸ்பி32 என்றால் கம்பியும் கால்களும் சேர்ந்து 100 பிகோஃபாரட் வரை வருவது சாதாரணம். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்றால் 398 நானோவினாடி, எல்லையைத் தாண்டிவிடுகிறது. 2.2 கிலோ ஓம் போட்டால் 186. இது போதும். ஆனால் கண்மண் தெரியாமல் குறைத்துவிடவும் கூடாது. கம்பியைக் கீழே இழுக்கும் கால் 3 மில்லியாம்பியர் மட்டுமே தாங்கும் என்ற கணக்கில், 3.3 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 970 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. பல பலகைகளில் புல்-அப் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கும். ஒரே பாதையில் நான்கு பலகைகளை மாட்டினால் அவை இணையாகச் சேர்ந்து மதிப்பு நான்கில் ஒன்றாகிவிடும். வாங்கியதும் மின்சாரம் கொடுக்கும் முன்பே மல்டிமீட்டரில் எஸ்டிஏ என்ற தரவுக் காலுக்கும் விசிசி என்ற மின்சாரக் காலுக்கும் இடையே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோளாறை அடையாளம் காண்பது எளிது. ஆசிலோஸ்கோப்பில் சதுர அலைக்குப் பதிலாகச் சுறா மீனின் துடுப்பு போன்ற வடிவம் தெரியும். ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டால் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். அப்போது பிழைகள் மறைந்தால் குற்றவாளி புல்-அப்தான்.

முகவரி இன்னொரு வரம்பு. இந்த சென்சாருக்கு இரண்டே முகவரிகள் உண்டு: எஸ்டிஓ காலைத் தரையில் இணைத்தால் `0x53`, 3.3 வோல்ட்டில் இணைத்தால் `0x1D`. மூன்றாவது சென்சார் வேண்டுமானால் இஎஸ்பி32-இன் இரண்டாவது ஐ2சி பாதையைத் திறக்க வேண்டும், அல்லது டிசிஏ9548ஏ போன்ற பிரிப்பான் வாங்க வேண்டும். சிப் செலக்ட் எனப்படும் சிஎஸ் காலை 3.3 வோல்ட்டில் கட்ட மறப்பதும் வழக்கம். அது மேலே இருந்தால்தான் சென்சார் ஐ2சிக்குக் காது கொடுக்கும். அந்தரத்தில் விட்டால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

ஆனால் ஐ2சியின் பெரிய பலம் அந்த ஒன்பதாவது பிட்தான். கம்பி கழன்றால் பதில் வராது, நிரலுக்கு உடனே தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் தொங்கப்போகும் கருவிக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஒரு பொறி மட்டும் உண்டு: பாதிப் படிப்பில் இஎஸ்பி32 மறுதொடக்கம் ஆனால் சென்சார் தரவுக் கம்பியைக் கீழே பிடித்தபடியே காத்திருக்கும், பாதை முழுவதும் உறைந்துவிடும். நிரல் தொடங்கும்போது கிளாக் கம்பியில் ஒன்பது துடிப்புகளை அனுப்பிவிட்டால் அது விட்டுவிடும்.

## எஸ்பிஐ: கிளாக், சிப் செலக்ட், இரண்டு தரவுக் கம்பி

இங்கே போகும் தரவுக்கு ஒரு கம்பி, வரும் தரவுக்கு ஒரு கம்பி. யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சிப் செலக்ட் கம்பியைத் தாழ்த்திச் சொல்கிறோம். எனவே முகவரி இல்லை, ஒப்புகை பிட்டும் இல்லை. கம்பியை மேலேயும் கீழேயும் டிரான்சிஸ்டரே தள்ளுவதால் புல்-அப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதே ஆறு பைட்டைப் படிக்க ஒரு கட்டளை பைட், ஆறு தரவு பைட், ஆக 56 கிளாக். இந்த சென்சாரின் உச்சமான 5 மெகாஹெர்ட்ஸில் 11.2 மைக்ரோவினாடி. ஐ2சியின் 210-ஓடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தொன்பது மடங்கு வேகம். இதில் கிளாக் வேகத்தால் கிடைப்பது 12.5 மடங்கு. மீதி ஒன்றரை மடங்கு முகவரியும் ஒப்புகையும் இல்லாததால் வருவது.

இஎஸ்பி32-இல் வழக்கமான இணைப்பு: எஸ்சிஎல் கால் 18-க்கு, எஸ்டிஓ 19-க்கு, எஸ்டிஏ 23-க்கு, சிஎஸ் 5-க்கு. பலகையில் ஐ2சி பெயர்களே அச்சிடப்பட்டிருப்பதால் பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். எஸ்பிஐயில் எஸ்சிஎல் என்பது கிளாக், எஸ்டிஏ சென்சாருக்குள் போகும் தரவு, எஸ்டிஓ வெளியே வரும் தரவு.

```cpp
SPISettings cfg(5000000, MSBFIRST, SPI_MODE3);

void readXYZ(uint8_t *b) {
  SPI.beginTransaction(cfg);
  digitalWrite(PIN_CS, LOW);
  SPI.transfer(0x80 | 0x40 | 0x32);
  for (int i = 0; i < 6; i++) b[i] = SPI.transfer(0);
  digitalWrite(PIN_CS, HIGH);
  SPI.endTransaction();
  delayMicroseconds(4);
}
```

`0x80` என்றால் படி, `0x40` என்றால் அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களையும் சேர்த்துப் படி, `0x32` முதல் தரவு ரெஜிஸ்டர். `0x40`-ஐ விட்டுவிட்டால் ரெஜிஸ்டர் எண் நகராது, ஆறு பைட்டும் ஒன்றுபோல வந்து நிற்கும்.

கடைசி வரியில் இருக்கும் 4 மைக்ரோவினாடியை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் அளவீடு கெடும். சென்சாருக்குள் 32 அளவீடுகளைத் தேக்கி வைக்கும் வரிசை ஒன்று உண்டு. ஒன்றைப் படித்ததும் அடுத்தது முன்னுக்கு வர 5 மைக்ரோவினாடி பிடிக்கும். ஐ2சி மெதுவானது என்பதால் அங்கே இந்தக் கவலையே வராது. 5 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் கட்டளை பைட் 1.6 மைக்ரோவினாடியில் முடிந்துவிடும். மீதி 3.4-ஐ சிஎஸ் மேலே இருக்கும் நிலையில் நாமே காத்திருக்க வேண்டும்.

வேகத்தோடு வரும் மறைமுகச் செலவுகள் இன்னும் சில. 3200 வேகத்தில் அளவீட்டின் கடைசி பிட் எப்போதும் சுழியமாகவே இருக்கும் என்று தரவேடு சொல்கிறது. முழுத் துல்லிய நிலையில் ஒரு படி சுமார் 4 மில்லி ஜி என்றால், இந்த வேகத்தில் அது 8 மில்லி ஜி ஆகிவிடுகிறது. மெல்லிய 24 ஹெர்ட்ஸ் அதிர்வை மட்டும் பார்ப்பவருக்கு இது லாபமில்லாத நட்டம்.

அடுத்தது, நெரிசல் இடம் மாறுவது. வினாடிக்கு 3200 அளவீடு, தலா ஆறு பைட் என்றால் 19,200 பைட். அதைக் கணினிக்கு 115200 வேகத்துத் தொடர் இணைப்பில் அனுப்பினால் வினாடிக்கு 11,520 பைட்தான் போகும். எஸ்பிஐ வேகமாகக் கொண்டுவந்து கொட்டியதில் ஐந்தில் இரண்டு பங்கு வாசலிலேயே தேங்கி நிற்கும். வேகத்தை 460800-க்கு ஏற்றி, எண்களை எழுத்தாக்காமல் அப்படியே இரும பைட்டாக அனுப்புங்கள். ஐ2சியின் 800 அளவீட்டுக்கு 4800 பைட்தான் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நீளமான கம்பி எஸ்பிஐக்கும் ஆகாது, ஆனால் காரணம் வேறு. இங்கே ஏற்றம் மந்தமாவதில்லை, மிகக் கூர்மையாக இருக்கிறது. கிளாக்கின் விளிம்பு கம்பியின் முனையில் மோதித் திரும்பி அதிரும். அந்த அதிர்வை சென்சார் இன்னொரு கிளாக் என்று எண்ணிக்கொண்டால், அந்த இடத்திலிருந்து எல்லா பிட்டும் ஒன்று தள்ளி விழும். இஎஸ்பி32 பக்கம் கிளாக் காலை ஒட்டி 33 முதல் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தால் பெருமளவு அடங்கும். கிளாக் கம்பியோடு ஒரு தரைக் கம்பியையும் முறுக்கி ஓட்டுங்கள். அதன் பிறகும் அடங்காவிட்டால் 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அப்போதும் ஓர் அளவீட்டுக்கு 28 மைக்ரோவினாடிதான், 3200 வேகத்துக்கான நிபந்தனையும் மீறப்படவில்லை. 5 மெகாஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்க இந்த வேலையில் எந்த அவசியமும் இல்லை.

எஸ்பிஐயின் உண்மையான பலவீனம் மௌனம். ஒப்புகை இல்லாததால் கம்பி கழன்றாலும் நிரல் ஏதோ ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சில வினாடிக்கு ஒருமுறை ரெஜிஸ்டர் `0x00`-ஐப் படியுங்கள், `0xE5` வர வேண்டும். தொடர்ந்து `0xFF` அல்லது `0x00` வந்தால் வரும் தரவுக் கம்பியிலோ சிப் செலக்ட்டிலோ கோளாறு. `0x72` அல்லது `0xCA` போல ஒரு பிட் நகர்ந்த எண் வந்தால் கிளாக் நிலை தவறு. இந்த சென்சாருக்கு நிலை 3 வேண்டும். எஸ்பிஐக்கு ஐ2சி போல ஒரே அதிகாரபூர்வ விவரக்குறிப்பு கிடையாது, ஒவ்வொரு சிப்பும் தன் நிலையைத் தானே தீர்மானிக்கிறது. எனவே தரவேட்டைப் பார்க்காமல் பழைய நிரலை ஒட்டுவது வேண்டாம்.

ஒரே பாதையில் இன்னொரு எஸ்பிஐ கருவி, உதாரணமாக மெமரி கார்டு இருந்தால் இன்னும் ஒரு பொறி. சிஎஸ் மேலே இருக்கும்போது இந்த சென்சார் ஐ2சி நிலையில் இருக்கிறது என்று பார்த்தோம். மெமரி கார்டுக்குப் போகும் துடிப்புகள் தற்செயலாக ஐ2சி பேச்சு போலத் தோன்றினால் சென்சார் குறுக்கே பதில் சொல்லிவிடக்கூடும். சென்சாரின் எஸ்டிஏ காலுக்கு முன்னால் ஓர் ஆர் கேட் வைத்து, சிஎஸ் மேலே இருக்கும்வரை அந்தக் காலையும் மேலேயே நிறுத்துவதுதான் தயாரிப்பாளர் சொல்லும் தீர்வு. இஎஸ்பி32-இல் எளிய வழி, மெமரி கார்டை இரண்டாவது எஸ்பிஐ பாதைக்கு மாற்றிவிடுவது.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | ஐ2சி, 400 கிலோஹெர்ட்ஸ் | எஸ்பிஐ, 5 மெகாஹெர்ட்ஸ் |
|---|---|---|
| ஓர் அளவீட்டைப் படிக்க | 210 மைக்ரோவினாடி | 11.2 மைக்ரோவினாடி |
| வினாடிக்கு அதிகபட்ச அளவீடு | 800 | 3200 |
| பார்க்கக்கூடிய அதிர்வெண் | 400 ஹெர்ட்ஸ் வரை | 1600 ஹெர்ட்ஸ் வரை |
| நான்கு சென்சாருக்குச் சமிக்ஞைக் கம்பி | 2, பிரிப்பானோடு | 7 |
| கம்பி கழன்றால் | உடனே தெரியும் | நாமே சோதிக்க வேண்டும் |

## எப்போது எது?

விசிறி எடை சாய்வு, அச்சு விலகல், "வழக்கத்தைவிட அதிகமாக ஆடுகிறதா" என்ற கேள்வி ஆகியவற்றுக்கு ஐ2சி போதும். 48 ஹெர்ட்ஸைப் பார்க்க 800 அளவீடே தாராளம், ஒரு படியின் நுணுக்கமும் 4 மில்லி ஜியாகவே இருக்கும். ஒன்றிரண்டு சென்சாரும் ஒரு சிறு திரையும் இதே இரண்டு கம்பியில் அடங்கிவிடும். எஸ்பிஐக்குப் போனால் கம்பி கூடுமே தவிர, அறிவது கூடாது.

பேரிங் பழுதைத் தேடுகிறீர்கள் என்றால் எஸ்பிஐ. இதில் சமரசத்துக்கு இடமில்லை. 400 ஹெர்ட்ஸோடு நின்றால் பழுது முற்றிய பிறகுதான் தெரியும், அப்போது காதுக்கே கேட்டுவிடும். ஆனால் 1600 ஹெர்ட்ஸும் எல்லாவற்றையும் காட்டாது. மிக இளம் பழுதின் அதிர்வு பல கிலோஹெர்ட்ஸில் இருக்கும், அதற்கு இந்த சென்சாரே போதாது.

எஸ்பிஐயைத் தேர்ந்தெடுத்துவிட்டு சென்சாரை இரட்டைப் பக்க நுரை ஒட்டுநாடாவில் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். நுரை உயர் அதிர்வெண்ணை விழுங்கிவிடும். கம்பியில் சேர்த்த வேகமெல்லாம் ஒட்டிய இடத்திலேயே போய்விடும். பேரிங் இருக்கும் மூடிக்கு அருகில், வண்ணப்பூச்சைச் சுரண்டிவிட்டு, திருகாணியால் இறுக்குங்கள். அல்லது எபாக்ஸியில் ஒட்டுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறீர்கள் என்றால், எட்டுக் கால்களுக்கும் கம்பி ஓட்டிவிட்டு ஐ2சியில் தொடங்குங்கள். பிறகு மாறுவதற்கு நிரலும் கம்பியின் இஎஸ்பி32 முனையும் மட்டும் மாறினால் போதும், மோட்டாரின் மேலிருக்கும் சென்சாரைத் தொட வேண்டியதில்லை. எஸ்டிஓ கால் மட்டும் கவனம்: ஐ2சியில் முகவரிக்காகத் தரையில் கட்டிய அதே கால் எஸ்பிஐயில் தரவை வெளியே அனுப்பும். அதைச் சென்சார் பக்கத்தில் தரையோடு சாலிடர் செய்துவிடாமல், இஎஸ்பி32 பக்கம் கழற்றக்கூடிய ஜம்பராக வையுங்கள்.